ஆயாவும் வேண்டாம், பாட்டியும் வேண்டாம் என்றால்: குழந்தை பாட்டியை அழைக்கும் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறை

பாட்டிக்கு ஒரு செல்லப் பெயரைப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிடலாம். ஆனால் அந்தப் பெயர் குழந்தையின் வாயில் நிற்குமா என்பது வேறு இரண்டைப் பொறுத்தது. வீட்டில் ஏற்கெனவே புழங்கும் முறைப்பெயர்களோடு அது மோதாமல் இருக்க வேண்டும். குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன்பே பெரியவர்கள் அனைவரும் அதைச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். பெயர் நிற்காமல் போன வீடுகளில் பெயரின் அழகில் குறை இருந்ததில்லை. இவ்விரண்டில் ஒன்றுதான் தவறியிருக்கும்.

படிகளை விளக்க, காவேரிப்பட்டணத்தில் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். குழந்தை பத்து மாதப் பெண். அப்பாவின் அம்மா அதே வீட்டில் இருக்கிறார். ஐம்பது வயது, தையல் கடை நடத்துகிறார். அவருடைய மாமியாரும் உடன் இருக்கிறார். அவரை வீடு முழுவதும் ‘ஆயா’ என்றே அழைக்கிறது. குழந்தையின் அம்மாவுக்குப் பிறந்த வீடு ஓசூர். அங்கே பேச்சு தெலுங்கு.

தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

முதலாவது, குழந்தையின் வயது. எட்டு முதல் பத்து மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. பெரும்பாலான குழந்தைகள் பொருளோடு கூடிய முதல் சொல்லை ஓராண்டு நிறைவையொட்டிச் சொல்கிறார்கள். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே, தினமும் காதில் விழும் சொற்களில் சிலவற்றை இன்னார், இன்னது என்று அறிந்துகொள்கிறார்கள். முதல் சொல் வந்த பிறகு பெயரைத் தேடத் தொடங்கினால், காதில் முன்பே பதிந்த ஒன்றை அகற்றும் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது, இதுதான் மூத்த பேரக்குழந்தையா என்பது. பெரியப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ மூத்த பிள்ளை ஒன்று அவரைப் ‘பாட்டி’ என்று அழைத்துக்கொண்டிருந்து, அந்தப் பிள்ளை அடிக்கடி வந்து போகிறதென்றால், புதுப் பெயர் பெரும்பாலும் தோற்கும். சின்னக் குழந்தை பெரியவர்களைவிடப் பெரிய பிள்ளைகளையே ஆவலோடு பின்பற்றும். அத்தகைய வீட்டில் மூத்த பிள்ளையையும் சேர்த்து மாற்ற வேண்டும். முடியாதென்றால் இருக்கும் பெயரோடு நிறுத்திக்கொள்வதே சரி.

1. குறை எதில் என்று பாட்டியிடமே கேளுங்கள்

‘பாட்டி என்று கூப்பிட்டால் பிடிக்கவில்லை’ என்பது ஒரே குறைபோலத் தோன்றினாலும், உள்ளே வெவ்வேறு குறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஆகவே பெயர்களை அடுக்குவதற்கு முன்னால், எந்தச் சொல் ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும்.

தையல் கடைக்காரருக்குப் ‘பாட்டி’ பிடிக்காததற்குக் காரணம், பேருந்தில் முன்பின் தெரியாத நடத்துநர் வயதான பெண்களை அழைக்கும் சொல் அது என்பதே. ‘ஆயா’ பிடிக்காததற்குக் காரணங்கள் இரண்டு. அந்தச் சொல் மாமியாருக்கு உரியதாகிவிட்டது. மேலும், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குழந்தைகளைக் கவனிக்கும் பணியாளரையும் நம் பக்கத்தில் ஆயா என்றே அழைக்கிறோம். அவர் சொன்னபடியே எழுதினால்: “ஆயான்னா எங்க மாமியாரு. நான் இன்னும் மிஷின் மிதிக்கிறேன், என்னையும் ஆயான்னா எப்படி?”

ஓசூர்ப் பாட்டியின் குறை வேறு. பாட்டியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லான ‘அவ்வா’ அவருக்கு அந்நியமானதன்று. தம் பாட்டியைத் தாமே அப்படி அழைத்தவர். அதைக் கேட்டாலே நரைத்த தலையும் ஊன்றுகோலும் நினைவுக்கு வருவதுதான் சிக்கல். ஒருவருக்குச் சொல்லே வேண்டாம். மற்றவருக்குச் சொல்லின் முதுமை மட்டும் வேண்டாம். முதலாமவருக்குப் புதுச் சொல் தேட வேண்டும். இரண்டாமவருக்குப் பழைய சொல்லைச் சற்று இளக்கினால் போதும். இதைக் கேட்காமல் இருவருக்கும் கைப்பேசியில் பார்த்த ஏதோ ஒரு பெயரை வைத்திருந்தால், இரண்டுமே ஒட்டியிருக்காது.

பாட்டியைக் கடைசியில் கேட்பது மிகப் பரவலான தவறு. மகனும் மருமகளும் பெயரை முடிவு செய்துவிட்டு அறிவித்தால், அவர் மறுக்கமாட்டார். ஆனால் தம் வாயால் அந்தப் பெயரைச் சொல்லவும்மாட்டார். ஆறாம் படியில் தெரியும், அவர் சொல்லாமல் எந்தப் பெயரும் நிற்காது.

2. எந்தப் பெயர் யாருக்கு என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் வீட்டுப் பெரியவர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவரையும் மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று எதிரே குறிக்க வேண்டும். குழந்தைக்கு உறவுமுறை தெரியாது. மற்றவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சில வீடுகளில் குழந்தை பாட்டியை ‘அம்மா’ என்றும், பெற்ற தாயை ‘அக்கா’ என்றும் அழைக்கத் தொடங்கிவிடுகிறது. தாயின் தம்பி தங்கைகள் அவளை அக்கா என்று அழைப்பதைத்தான் அது நாள் முழுவதும் கேட்கிறது.

நம் குடும்பத்தில் தையல் கடைக்காரர் மகனுக்கு ‘அம்மா’, மருமகளுக்கு ‘அத்தை’. ஓசூர்ப் பாட்டி தம் மகளுக்கு ‘அம்மா’. குழந்தையின் அம்மாவுக்கு ஓர் அக்கா இருப்பதால் ‘பெரியம்மா’வும் நிரம்பிவிட்டது. ஆயா இருக்கிறார். ஆகவே அம்மா, அத்தை, பெரியம்மா, ஆயா ஆகிய நான்கும், அவற்றோடு ஒலியில் ஒட்டி வருபவையும் ஒதுக்கப்பட வேண்டியவை.

குழந்தையோடு பேசும் மழலைச் சொற்களையும் இதே தாளில் எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சோற்றுக்கு ‘மம்மு’ என்று சொல்லும் வீட்டில் பாட்டிக்கு ‘மம்மி’ என்று வைத்தால், குழந்தை பசிக்கு அழைக்கிறதா பாட்டியை அழைக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ‘ஆயி’ என்று சுருக்கலாம் என்று நினைப்பவர்கள், மலம் கழிப்பதற்கு நாம் குழந்தையிடம் சொல்லும் ‘ஆய்’ என்ற சொல்லை ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும்.

3. குழந்தையிடம் இப்போது இருக்கும் ஒலிகளைக் கவனியுங்கள்

ஒரு வாரம், குழந்தை தானாகக் குழறும்போது என்னென்ன ஒலிகள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக உதடு மூடித் திறந்தால் வரும் ப, ம ஆகியவையும், நுனிநாக்கில் வரும் த, ந ஆகியவையும் முதலில் வரும். ர, ற, ள, ழ ஆகியவை தெளிவாக வர ஆண்டுகள் ஆகும். ச, ஜ ஆகியவையும் தாமதமாகவே வரும். அவற்றுக்குப் பதிலாகத் தகரத்தைப் போட்டுக் குழந்தை சமாளிக்கும். ‘பாட்டி’ என்பதே பல குழந்தைகளின் வாயில் முதலில் ‘பாத்தி’யாகத்தான் வருகிறது.

எனவே இரண்டு அசை, அவற்றில் ஒன்றாவது உதட்டெழுத்து, ஆ, இ, உ போன்ற எளிய உயிர் முடிவு என்ற அளவில் பெயர் இருந்தால், அது சிதையாமல் வரும் வாய்ப்பு அதிகம். மூன்று அசை கூடாது என்பதில்லை. ஆனால் சின்னக் குழந்தை மூன்று அசைச் சொல்லில் ஒன்றை விழுங்கும் என்பதால், எதை விழுங்கினால் என்ன மிஞ்சும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். ‘அம்மம்மா’ அழகான சொல்தான். தெலுங்கு வீட்டில் அம்மாவின் அம்மாவுக்கு இயல்பான சொல்லும்கூட. ஆனால் ஓர் அசை விழுந்தால் மிஞ்சுவது ‘அம்மா’ அல்லது ‘மம்மா’. முதலாவது பெற்ற தாய்; இரண்டாவது சோற்றுக்கு அருகில் நிற்கிறது.

நம் குழந்தை அந்த வாரத்தில் ‘பபப’, ‘மமமா’, ‘தத்தா’, எப்போதாவது ‘அவ்வவ்’ என்று குழறியது.

4. ஒரு பாட்டிக்கு மூன்று பெயர்களுக்கு மேல் எடுக்காதீர்கள்

பெயர்கள் கிடைக்கும் இடங்கள் மூன்று. இருக்கும் சொல்லின் கடைசி அசையை மாற்றி இளக்குவது ஒன்று; அம்மு, அப்பு, பாப்பு என்று செல்லப் பெயர்களில் வரும் உகர முடிவு இதற்கு நன்றாக உதவும். இரண்டு சொற்களைச் சேர்த்துச் சுருக்குவது இன்னொன்று. பக்கத்து மொழியிலிருந்து எடுப்பது மூன்றாவது. ‘ஓசூர்ப் பாட்டி’, ‘மாந்தோப்புப் பாட்டி’, ‘கோழிப் பாட்டி’ என்று ஊரையோ வீட்டையோ முன்னொட்டாக வைப்பது நம் பக்கத்தில் மிகவும் வழக்கம்தான். ஆனால் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல ஒன்றரை வயதைத் தாண்ட வேண்டும், அதுவரை முன்னொட்டு விழுந்து ‘பாட்டி’ மட்டுமே நிற்கும். அதைத்தானே வேண்டாம் என்றார்கள்.

தையல் கடைக்காரருக்கு ‘அம்மி’, ‘அம்மு’, ‘பாம்மா’ என்ற மூன்றும் பேச்சுக்கு வந்தன. அம்மியைச் சொன்னவுடனேயே ஆயா சிரித்துவிட்டார். கொல்லையில் அம்மிக்கல் இருக்கும் வீட்டில் அதற்குமேல் பேச்சில்லை. ‘அம்மு’ பெண் குழந்தைகளுக்கே வைக்கும் செல்லப் பெயர் என்பதால், நாளை அதே தெருவில் நான்கு அம்முக்கள் ஓடுவார்கள். ‘பாட்டிம்மா’ என்பதைச் சுருக்கிய ‘பாம்மா’ மிஞ்சியது. அம்மாவின் ஓசை அதில் இருந்தாலும், முதலில் வரும் பகரம் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் அது விழ வாய்ப்பு குறைவு.

ஓசூர்ப் பாட்டிக்கு ‘அம்மம்மா’, ‘நானி’, ‘அவ்வு’ ஆகியவை எடுக்கப்பட்டன.

5. பக்கத்து மொழியிலும் வாக்கியத்திலும் சோதியுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன; உருது பேசும் வீடுகளும் உண்டு. ஒரு மொழியில் பாட்டியைக் குறிக்கும் சொல் அடுத்த வீட்டில் வேறொன்றைக் குறிக்கலாம். கொங்குப் பக்கத்தில் அம்மாவின் அம்மாவுக்கு வழங்கும் ‘அம்மாயி’ தெலுங்கில் இளம்பெண்ணைக் குறிக்கும். அரூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் குடிபோகும் குடும்பம் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சந்தையில் குழந்தை ‘அம்மாயி’ என்று கத்தினால் திரும்பிப் பார்ப்பவர்கள் வேறு.

‘நானி’ விழுந்ததும் இந்தப் படியில்தான். இந்தியிலும் உருதுவிலும் நானி என்றால் அம்மாவின் அம்மா. தெலுங்கில் ‘நானம்மா’ என்றால் அப்பாவின் அம்மா. ஓசூரில் தெலுங்கு உறவினர்கள் நடுவே அம்மாவைப் பெற்றவரைக் குழந்தை ‘நானி’ என்று அழைத்தால், அது நானம்மாவின் சுருக்கமாகவே காதில் விழுந்து பக்கம் மாறிவிடும். இரு சம்பந்திகளும் சந்திக்கும் இடத்தில் இது சிறு விஷயமன்று.

அடுத்து, பெயரை வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாம் பெயரைத் தனியாகச் சொல்வது குறைவு. ‘கிட்ட’, ‘க்கு’, ‘ஓட’ என்று உருபோடு சொல்வதே அதிகம். ‘பாம்மாகிட்ட போ’, ‘அவ்வுக்கு ஒண்ணு குடு’ என்று தடையின்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெய்யெழுத்தில் முடியும் நாகரிகப் பெயர்கள் பல இங்கேதான் தடுக்கும். வாசலிலிருந்து தெருமுனை வரை நீட்டிக் கூப்பிட்டும் பாருங்கள். ‘பாம்மாஆ’, ‘அவ்வூஊ’ என்று கடைசி உயிர் நீள வேண்டும்.

கடைசியாக, பத்து வயதுப் பிள்ளை அதே பெயரைத் திருமண மண்டபத்தில் உரக்கச் சொன்னால் பாட்டி முகம் சுளிப்பாரா என்று கேளுங்கள். மழலையாக இனிக்கும் பெயர்கள் சிலவற்றை ஏழு வயதுப் பிள்ளையே சொல்லக் கூச்சப்படும்.

மரியாதை குறைகிறது என்று தாத்தாவோ பெரியப்பாவோ தடுத்தால், விவாதத்தைப் பெயரிலிருந்து வினைக்கு மாற்றுவது நல்லது. நம் பக்கத்தில் பல வீடுகளில் ‘ஆயா, வா’ என்று ஒருமையில் அழைப்பதே அன்பான வழக்கம். அங்கே யாரும் குறை சொல்வதில்லை. மரியாதை வேண்டும் என்பவர்கள் ‘பாம்மா, வாங்க’ என்று பழக்கலாம். பெயர் செல்லமாகவும் வினை மரியாதையாகவும் இருப்பதில் முரண் ஏதுமில்லை. நம் குடும்பத்தில் இதைச் சொன்ன பிறகே தாத்தா இசைந்தார்.

6. எல்லோர் வாயிலும் ஒரே பெயர் வர வேண்டும்

முடிவுக்கு வந்த பெயர்கள் ‘பாம்மா’, ‘அவ்வு’. இனிமேல் பெரியவர்களுக்குத்தான் வேலை. ‘பாம்மான்னு சொல்லு, சொல்லு’ என்று குழந்தையை வற்புறுத்துவதால் பயனில்லை. குழந்தை எதிரே இருக்கும்போது பெரியவர்கள் அந்தப் பெயரைப் பொருளோடு சொல்ல வேண்டும்.

இதில் முதன்மையானவர் பாட்டியே. ‘என்கிட்ட வா’ என்பதற்குப் பதிலாக ‘பாம்மாகிட்ட வா’ என்றும், ‘நான் ஊட்டுறேன்’ என்பதற்குப் பதிலாக ‘பாம்மா ஊட்டுறேன்’ என்றும் அவர் தம்மைப் பெயரால் சொல்லிக்கொள்ள வேண்டும். ‘நான்’ என்ற சொல் பேசுபவருக்கேற்ப ஆள் மாறும். அந்த வயதுக் குழந்தைக்கு அது பிடிபடாது. பெயர் மாறாமல் ஒருவரிடமே நிற்கும்.

மருமகள் மாமியாரை ‘அத்தை’ என்று அழைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ‘அத்தை, இவளைப் பிடிங்க’ என்று நாள் முழுவதும் சொன்னால் குழந்தையும் ‘அத்த’ என்றே தொடங்கும். அந்த நேரங்களில் மட்டும் ‘பாம்மா உன்னைத் தூக்குவாங்களாம்’ என்று குழந்தையை நோக்கிச் சொல்லிவிட்டுக் கையில் கொடுக்கலாம். மகனுக்கு இது கடினம். பிறந்ததிலிருந்து ‘அம்மா’ என்றவர். அவரைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட, மற்ற மூவர் ஒழுங்காகச் சொல்வதே நடக்கக்கூடியது.

தொலைவில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ அழைப்புதான் வழி. முகம் திரையில் வருவதற்கு முன்னும், வந்தவுடனும் பெயரைச் சொல்ல வேண்டும்: ‘அவ்வு கூப்பிடுறாங்க’, ‘அவ்வு வந்தாச்சு’. பலர் அழைப்பு முடிந்த பிறகு ‘யாரு பேசினது? அவ்வு’ என்கிறார்கள், அப்போது குழந்தையின் கண்முன் முகம் இல்லை. வாரம் ஒரு முறை பேசுவதைவிட, நாளுக்கு இரண்டு நிமிடம் பேசுவது இதற்கு உதவும்.

பெயர் காதில் பதிந்துவிட்டதா என்பதைக் குழந்தை பேசுவதற்கு முன்பே அறியலாம். பாம்மாவும் ஆயாவும் இரு பக்கம் அமர்ந்திருக்கும்போது, அவர்களைப் பார்க்காமலும் கைகாட்டாமலும் ‘பாம்மா எங்கே?’ என்று கேளுங்கள். பிறகு இருவரும் இடம் மாறி அமர்ந்து மறுபடியும் கேளுங்கள். இரண்டு முறையும் சரியான ஆளை நோக்கிக் குழந்தை திரும்பினால் பெயர் பதிந்துவிட்டது. எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் அது உங்கள் கண் போகும் திசையையோ பழகிய இடத்தையோதான் பின்பற்றுகிறது. இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் தொடர வேண்டும்.

7. குழந்தை மாற்றிச் சொன்னால் என்ன செய்வது

நம் குழந்தை பதின்மூன்றாம் மாதத்தில் ‘பம்மா’ என்றது. குறில் நெடிலில் ஏற்பட்ட இத்தகைய மாற்றத்தைத் திருத்த வேண்டாம். பெரியவர்கள் ‘பாம்மா’ என்றே தொடர்ந்தால் போதும். பெரியவர்களும் ‘பம்மா’ என்று கொஞ்சத் தொடங்கினால் அதுவே நிலைத்துவிடும். பாட்டிக்கு அது பிடித்திருந்தால் நிலைக்கட்டும். பிடிக்காவிட்டால் கொஞ்சலை அடக்கிக்கொள்ள வேண்டும்.

சில வாரங்களில் ஆயாவையும், தெருவில் சேலை கட்டிய இன்னொருவரையும் குழந்தை ‘பம்மா’ என்றது. ஒரு சொல்லை ஒத்த தோற்றமுடைய பலர் மீதும் போடுவது அந்த வயதில் வழக்கமே. ‘இல்லை, தப்பு’ என்று சொல்லாமல் ‘ஆமா, ஆயா வந்திருக்காங்க’ என்று சரியான பெயரைத் தந்தால், சொற்கள் பெருகப் பெருக இது தானாகக் குறையும்.

திருத்த வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று: வேறொருவரின் பெயரோடு போய் ஒட்டிக்கொள்வது. ‘அம்மம்மா’ வைத்த வீட்டில் பாட்டியும் தாயும் ‘அம்மா’வாகிப் பல வாரங்கள் அப்படியே நின்றால், காத்திருப்பதில் பயனில்லை, இரண்டாம் படியில் எழுதிய தாளைப் பார்த்து, வேறு ஒலியோடு தொடங்கும் பெயருக்கு மாறிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் மாறுவது எளிது. அதன் பிறகு குழந்தைக்கே பிடிவாதம் வந்துவிடும்.

பெயரின் குற்றம் என்று எண்ணிக் கவனிக்காமல் விடக் கூடாத நிலைகளும் உண்டு. ஓராண்டு நிறைந்தும் குழறல் இல்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துத் தானாகச் சொல்லவில்லை என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதுகேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும்.

8. மூன்று வயதுக்குள் ஊர் அறிந்த சொல்லையும் கற்பியுங்கள்

அங்கன்வாடியிலோ பேருந்து நிலையத்திலோ ‘பாம்மா கூட வந்தேன்’ என்று குழந்தை சொன்னால் கேட்பவருக்கு விளங்காது. வீட்டுப் பெயர் உறுதியாக நின்ற பிறகு, ‘பாம்மா யாரு? அப்பாவோட அம்மா, உனக்குப் பாட்டி’ என்று விளக்கமாகச் சொல்லித்தர வேண்டும். கூப்பிடும் பெயராகப் பழக்கக் கூடாது. இதை ஒன்றரை வயதிலேயே தொடங்கினால் இரண்டு பெயர்களும் போட்டியிட்டு, எளிதாக எங்கும் கேட்கும் ‘பாட்டி’ வென்றுவிடும்.

அதே சமயத்தில் பாட்டியின் முழுப் பெயரையும் கற்பித்துவிடலாம். பள்ளியில் குழந்தையை அழைத்துச் செல்ல வருபவர் யார் என்று ஆசிரியர் கேட்கும்போது, படிவத்தில் இருக்கும் பெயரோடு அது பொருந்த வேண்டும்.